சுழற்சி இருந்தால் டெட்லாக்கா? ரிசோர்ஸ் அலொகேஷன் கிராஃப் கணக்கை முழுமையாகப் போடுவது எப்படி

"கிராஃபில் சுழற்சி இருக்கிறது. ஆகவே டெட்லாக் ஏற்பட்டுள்ளது." ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் அசைன்மென்ட் திருத்தும்போது நான் அதிகம் வட்டமிட்ட வரி இதுதான். படம் சரியாக வரைந்திருப்பார்கள், அம்புகளின் திசையும் சரியாக இருக்கும், கடைசி வரியில் மொத்தமும் கவிழ்ந்துவிடும். படிக்கும் காலத்தில் நானும் இதே வரியை எழுதி மதிப்பெண் இழந்தவன் என்பதால், அந்தத் தவறு எந்த இடத்தில் பிறக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு வளத்திலும் ஒரே ஒரு அலகு மட்டும் இருந்தால் அந்த வரி சரி. ஏதாவது ஒரு வளத்தில் இரண்டு அலகுகள் வந்துவிட்டால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. அதை ஒரு முழுக் கணக்கோடு இங்கே போட்டுப் பார்க்கலாம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது. அம்புகளை அழிக்க வேண்டிவரும், பேனா வேண்டாம்.

கணக்கு

மூன்று வகை வளங்கள்: A-வில் 1 அலகு, B-யில் 1 அலகு, C-யில் 2 அலகுகள். ஐந்து ப்ராசஸ்கள்: P1 முதல் P5 வரை. கீழ்க்கண்ட நிகழ்வுகள் இதே வரிசையில் நடக்கின்றன.

```
1. P1 requests A
2. P2 requests B
3. P3 requests C
4. P4 requests C
5. P1 requests B
6. P2 requests C
7. P5 requests B
8. P3 requests A
```

கேள்விகள் இவை. (அ) 8-ஆம் நிகழ்வு முடிந்ததும் உள்ள கிராஃபை வரைக. (ஆ) டெட்லாக் உள்ளதா? (இ) அடுத்ததாக 9-ஆவது நிகழ்வாக P4, B-யைக் கேட்டால் என்ன ஆகும்? (ஈ) 9-ஆவது நிகழ்வு இல்லாமல், 6-இல் P2 ஒன்றுக்குப் பதில் C-யின் இரண்டு அலகுகளையும் சேர்த்துக் கேட்டிருந்தால் என்ன ஆகும்? (உ) டெட்லாக் வந்த நிலைகளில் எந்த ப்ராசஸை நிறுத்தினால் தீரும்? இதை வராமலே தடுக்க என்ன மாற்ற வேண்டும்?

(இ)-யும் (ஈ)-யும் (ஆ)-விலிருந்து ஆளுக்கு ஓர் அம்புதான் வித்தியாசம். விடைகளோ மூன்று விதம்.

படத்தை வரைவது

ப்ராசஸுக்கு வட்டம், வளத்துக்குச் சதுரம். சதுரத்துக்குள் எத்தனை அலகோ அத்தனை புள்ளி. ஆக A-வுக்கும் B-க்கும் ஒவ்வொரு புள்ளி, C-க்கு இரண்டு.

அம்புகள் இரண்டு வகை. ப்ராசஸ் ஒரு வளத்தைக் கேட்டுக் காத்திருந்தால், வட்டத்திலிருந்து சதுரத்துக்கு அம்பு. இது கேட்பு அம்பு. அது சதுரத்தின் விளிம்பைத் தொட்டால் போதும், ஏனென்றால் எந்த அலகு கிடைத்தாலும் அந்த ப்ராசஸுக்குச் சம்மதம்தான். வளம் கொடுக்கப்பட்டுவிட்டால், சதுரத்துக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து வட்டத்துக்கு அம்பு. இது ஒதுக்கீட்டு அம்பு. ஒரு புள்ளியிலிருந்து ஓர் அம்புக்கு மேல் கிளம்பக் கூடாது. இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே புள்ளியிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பியிருந்தால், எங்கோ ஒரு நிகழ்வைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

இனி நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுப்போம். 1-இல் P1 A-வைக் கேட்கிறது, A சும்மா இருக்கிறது. கேட்பு அம்பு ஒரு கணம் தோன்றி உடனே ஒதுக்கீட்டு அம்பாகத் திரும்பிவிடுகிறது. தாளில் நேராக A-யிலிருந்து P1-க்கு வரைந்துவிடலாம். 2-இல் B, P2-க்குப் போகிறது. 3-இல் C-யின் மேல் புள்ளி P3-க்கு, 4-இல் கீழ்ப் புள்ளி P4-க்கு. இத்துடன் எல்லாப் புள்ளிகளும் தீர்ந்துவிட்டன.

5-ஆவது நிகழ்விலிருந்து கேட்பவர் எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டும். P1 B-க்காக, P2 C-க்காக, P5 B-க்காக, P3 A-வுக்காக. நான்கும் கேட்பு அம்புகளாகவே நிற்கும்.

```
A -> P1      P1 -> B
B -> P2      P2 -> C
C -> P3      P3 -> A
C -> P4      P5 -> B
```

இடப்பக்கப் பத்தியில் நான்கு ஒதுக்கீட்டு அம்புகள். வலப்பக்கத்தில் நான்கு கேட்பு அம்புகள். ஒதுக்கீட்டு அம்புகளும் மொத்தப் புள்ளிகளும் நான்கு நான்காக ஒத்துப்போகின்றன, அதாவது சும்மா இருக்கும் அலகு ஒன்றும் இல்லை. கேள்வி (அ) முடிந்தது.

இன்னொன்றையும் சரிபார்த்துவிட்டு நகருங்கள். காத்திருக்கும் கேட்புகளில் இப்போதே கொடுக்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை முதலில் ஒதுக்கீட்டு அம்பாக மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் நிஜத்தில் காத்திருக்காத ஒன்றைக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இங்கே அப்படி எதுவும் இல்லை.

நான்கு நிபந்தனைகளை இந்தப் படத்தில் தேடுவோம்

1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி என்ற மூவர் எழுதிய கட்டுரையில் டெட்லாக்குக்கான நான்கு நிபந்தனைகள் தொகுக்கப்பட்டன. அதனால்தான் அவற்றைக் காஃப்மன் நிபந்தனைகள் என்கிறோம். எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். படத்தில் காட்டச் சொன்னால்தான் தடுமாறுவார்கள், ஆகவே ஒவ்வொன்றையும் படத்திலேயே காட்டுவோம்.

முதலாவது, ஒரு அலகை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். படத்தில் இதன் அடையாளம், ஒரு புள்ளியிலிருந்து ஓர் அம்புதான் கிளம்புகிறது என்பது. "C-யை P3, P4 இருவரும் வைத்திருக்கிறார்களே, அப்படியானால் இந்த நிபந்தனை பொருந்தாதே" என்று சிலர் எழுதுவார்கள். பொருந்துகிறது. நிபந்தனை அலகைப் பற்றியது, வளத்தின் வகையைப் பற்றியது அல்ல. இரண்டு புள்ளிகள் இரண்டு பேரிடம் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பது. படத்தில் இது, உள்ளே வரும் அம்பும் வெளியே போகும் அம்பும் ஒருசேர இருக்கும் வட்டம். P1, P2, P3 மூன்றும் அப்படி. P4-இடம் C இருக்கிறது, ஆனால் அது எதற்கும் காத்திருக்கவில்லை. P5 காத்திருக்கிறது, கையில் ஒன்றும் இல்லை. இந்த இரண்டும் பின்னால் பெரிய வேலை செய்யப்போகின்றன, அவற்றை மனதில் வையுங்கள்.

மூன்றாவது, கொடுத்ததைப் பிடுங்க முடியாது. இதைப் படம் காட்டாது. கேள்வி "ப்ராசஸ் தானாக விடும்வரை வளம் அதனிடமே இருக்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது மியூடெக்ஸ், பிரின்டர் போல இடையில் பறித்தால் வேலை கெட்டுப்போகும் வளமாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், "பறிக்க முடியாத வளங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று விடையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நான்காவது, வட்டமாகக் காத்திருப்பது. P1 காத்திருக்கும் B, P2-இடம். P2 காத்திருக்கும் C-யில் ஒன்று P3-இடம். P3 காத்திருக்கும் A, P1-இடம். வட்டம் மூடிவிட்டது:

```
P1 -> B -> P2 -> C -> P3 -> A -> P1
```

பெரிய படத்தில் சுழற்சியைத் தேடும்போது ஒரு சுருக்கு வழி உண்டு. உள்ளே மட்டும் அம்பு வரும் கணுவும், வெளியே மட்டும் அம்பு போகும் கணுவும் சுழற்சியில் இருக்கவே முடியாது. P4-லிருந்து வெளியே போக வழியில்லை, P5-க்குள் வர வழியில்லை. இரண்டையும் விரலால் மூடிக்கொண்டு பார்த்தால் சுழற்சி தானாகக் கண்ணில் படும்.

ஆக நான்கு நிபந்தனைகளும் இருக்கின்றன. இங்கேதான் பலரும் "ஆகவே டெட்லாக்" என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். நான்கும் இல்லாமல் டெட்லாக் வராது என்பதுதான் உண்மை. நான்கும் இருந்தால் வந்தே தீரும் என்பது ஒற்றை அலகு வளங்களுக்கு மட்டுமே செல்லும். C-யில் இரண்டு புள்ளிகள் இருப்பதால், சுழற்சிக்கு வெளியே நிற்கும் ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு உண்மையா என்று பார்க்க வேண்டும்.

அம்புகளை நீக்கிக்கொண்டே போவது

இதை ரிடக்‌ஷன் என்பார்கள். ரிச்சர்ட் ஹோல்ட் 1972-இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கிராஃப் முறையை விரிவாக ஆராய்ந்தது. செய்முறை எளிது. கேட்பதெல்லாம் இப்போதே கிடைக்கக்கூடிய ஒரு ப்ராசஸைத் தேடுங்கள். எதையும் கேட்காத ப்ராசஸும் இதில் சேர்த்தி. கிடைத்தால், அது கேட்டதை வாங்கி, வேலையை முடித்து, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும் என்று வைத்துக்கொண்டு, அதன் எல்லா அம்புகளையும் அழித்துவிடுங்கள். இப்படி இனி யாரும் கிடைக்காதவரை செய்யுங்கள். கடைசியில் எல்லா அம்புகளும் அழிந்துவிட்டால் டெட்லாக் இல்லை. அம்புகள் மிஞ்சினால் டெட்லாக் உண்டு.

நம் படத்தில் முதலில் கிடைப்பது P4. எதையும் கேட்கவில்லை. C-யின் கீழ்ப் புள்ளியிலிருந்து P4-க்குப் போகும் அம்பை அழிக்கிறோம், அந்தப் புள்ளி சும்மாவாகிறது. P2 காத்திருந்தது இதற்குத்தானே. P2 அதை எடுத்து, முடித்து, B-யையும் C-யையும் விடுகிறது. P2-வின் இரண்டு அம்புகளும் போயின, சுழற்சி அறுந்தது. B சும்மாவானதால் P1 முடிகிறது, A வெளியே வருகிறது. A கிடைத்ததும் P3 முடிகிறது. P5-க்கு B எப்போதோ கிடைத்திருக்கும். தாளில் ஓர் அம்பும் மிச்சமில்லை. கேள்வி (ஆ)-வுக்கு விடை: சுழற்சி உண்டு, டெட்லாக் இல்லை.

B சும்மாவானபோது முதலில் P5-க்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. P5 முடித்து B-யைத் திருப்பிக் கொடுக்கும், பிறகு P1 வாங்கும். கடைசி முடிவு மாறாது. பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரும் வகை வளங்களில், எந்த வரிசையில் ரிடக்‌ஷன் செய்தாலும் மிஞ்சும் படம் ஒன்றேதான். ஆகவே சரியான வரிசையைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கண்ணில் பட்டவரை எடுத்துக்கொள்ளலாம்.

அதையே எண்களில்

படம் மட்டும் போதும் என்று கேள்வி சொன்னாலும், எண்களில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அம்பு விட்டுப்போயிருந்தால் எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

```
        Allocation   Request
        A B C        A B C
P1      1 0 0        0 1 0
P2      0 1 0        0 0 1
P3      0 0 1        1 0 0
P4      0 0 1        0 0 0
P5      0 0 0        0 1 0

Available = (0, 0, 0)
```

முதல் சோதனை: Allocation பத்திகளின் கூட்டுத்தொகையோடு Available-ஐச் சேர்த்தால் மொத்த அலகுகள் வர வேண்டும். (1, 1, 2) + (0, 0, 0) = (1, 1, 2). சரி.

இனி Work என்ற ஒன்றை Available-இல் தொடங்குகிறோம். ஒவ்வொரு ப்ராசஸ் முடியும்போதும் அதன் Allocation வரிசையைக் கூட்டுகிறோம்.

```
Work              (0, 0, 0)
P4 -> + (0,0,1) = (0, 0, 1)
P2 -> + (0,1,0) = (0, 1, 1)
P1 -> + (1,0,0) = (1, 1, 1)
P3 -> + (0,0,1) = (1, 1, 2)
```

P2-வின் வரியில் கவனம் வேண்டும். அது ஒரு C-யை வாங்கிய பிறகுதான் முடிகிறது, ஆகவே முடிவில் B-யும் C-யும் விடுகிறது. அதைப் பார்த்துச் சிலர் (0, 1, 1)-ஐக் கூட்டி (0, 1, 2) என்று எழுதிவிடுவார்கள். வாங்கும்போது Work-இலிருந்து ஒரு C கழிந்தது, விடும்போது அதே C திரும்பியது. இரண்டும் சமன். கூட்ட வேண்டியது முன்பே கையில் இருந்த Allocation மட்டும். கடைசி Work எப்போதும் மொத்த அலகுகளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொரு குழப்பம் பேங்கர்ஸ் அல்காரிதத்தோடு வருவது. அட்டவணை ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பேங்கர்ஸில் இருப்பது Need, அதாவது ஒரு ப்ராசஸ் இனி அதிகபட்சம் என்னவெல்லாம் கேட்கக்கூடும் என்பது. இங்கே இருப்பது Request, இந்த நொடியில் என்ன கேட்டுக் காத்திருக்கிறது என்பது. P4 இப்போது எதையும் கேட்கவில்லை என்பதால் அது முடிந்துவிடும் என்று நம்பிக்கையோடு எடுத்துக்கொண்டோம். நாளை அது எதுவும் கேட்காது என்று யாரும் உறுதி தரவில்லை. "இப்போது டெட்லாக் இல்லை" என்பதற்கும் "பாதுகாப்பான நிலை" என்பதற்கும் இடையே உள்ள தூரம் இதுதான். (ஆ)-வின் விடையில் "பாதுகாப்பானது" என்ற சொல்லை எழுதாதீர்கள். ஏன் என்று 9-ஆவது நிகழ்வே காட்டுகிறது.

P4, B-யைக் கேட்கும்போது

P4-லிருந்து B-க்கு ஒரு கேட்பு அம்பு. அவ்வளவுதான் மாற்றம். அட்டவணையில் P4-இன் Request வரிசை (0, 1, 0) ஆகிறது.

ரிடக்‌ஷனைத் தொடங்கப் பார்க்கிறோம். Work (0, 0, 0). கையில் வளம் வைத்திருக்கும் நான்கு பேரும் ஏதாவது ஒன்றைக் கேட்கிறார்கள், கொடுக்க ஒன்றும் இல்லை. முதல் அடியே எடுத்துவைக்க முடியவில்லை. P1, P2, P3, P4 நான்கும் டெட்லாக்கில்.

படத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பழைய சுழற்சி அப்படியே இருக்கிறது, புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: P2 → C → P4 → B → P2. முன்பு சுழற்சியிலிருந்து C வழியாக P4-க்குத் தப்பிப் போக ஒரு பாதை இருந்தது, P4-இல் பாதை முடிந்தது. இப்போது P4-க்குப் போனாலும் திரும்ப B-க்கே வந்துவிடுகிறோம். இந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தால் வெளியேற வழியே கிடையாது, உள்ளே எங்கிருந்தும் எங்கும் போகலாம். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு முடிச்சு என்று பெயர். ஒவ்வொரு ப்ராசஸும் ஒரு நேரத்தில் ஓர் அலகுக்கு மட்டுமே காத்திருக்கும்போது, கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்த பிறகும் முடிச்சு இருந்தால் டெட்லாக், முடிச்சு இல்லாவிட்டால் டெட்லாக் இல்லை. சுழற்சியைவிடக் கூர்மையான அடையாளம் இது.

P5 எந்தப் பக்கம்? அது B-க்காகக் காத்திருக்கிறது, B ஒருபோதும் வராது. ஆனால் அதன் கையில் எதுவும் இல்லாததால் அது யாரையும் தடுக்கவில்லை. அட்டவணை முறையில் Allocation முழுக்கப் பூஜ்யமாக உள்ள ப்ராசஸை ஆரம்பத்திலேயே முடிந்ததாகக் குறித்துவிடுவார்கள், ஆகவே P5 டெட்லாக் பட்டியலில் வராது. படத்தில் ரிடக்‌ஷன் செய்தவருக்கோ P5-இன் அம்பு அழியாமல் மிஞ்சும். இரண்டு பேர் இரண்டு விடையோடு வந்து சண்டை போடுவது இதனால்தான். நான் சொல்லும் வழி, இரண்டையும் எழுதிவிடுவது: "டெட்லாக்கில் உள்ளவை P1, P2, P3, P4. P5 அவற்றால் தடுக்கப்பட்டு நிற்கிறது, ஆனால் வட்டத்தில் பங்கில்லை."

P2 இரண்டு C கேட்டால்

எனக்குப் பிடித்த பகுதி இது, முடிச்சு விதியை நம்பி வருபவரையும் இது நிறுத்தி யோசிக்க வைக்கும். 9-ஆவது நிகழ்வை அழித்துவிடுங்கள். P2-லிருந்து C-க்கு ஓர் அம்புக்குப் பதில் இரண்டு அம்புகள் வரையுங்கள். C-யில் மொத்தமே இரண்டு அலகுகள் இருப்பதால் கேட்பு நியாயமானதுதான். மூன்று கேட்டிருந்தால் அது ஒருபோதும் நிறைவேறாத தவறான கேட்பு.

P4-லிருந்து வெளியே அம்பு இல்லை. சுழற்சியிலிருந்து P4-க்குப் போனால் பாதை முடிந்துவிடுகிறது. அப்படியானால் முடிச்சு இல்லை. முடிச்சு இல்லை, ஆகவே டெட்லாக் இல்லை என்று எழுதலாமா? போட்டுப் பார்ப்போம்.

P4 முடிகிறது, Work (0, 0, 1). P2 கேட்பது இரண்டு C, இருப்பது ஒன்று. போதாது. P1-க்கு B வேண்டும், இல்லை. P3-க்கு A வேண்டும், இல்லை. நின்றுவிட்டது. P1, P2, P3 டெட்லாக்கில் மாட்டிக்கொண்டன, P4 மட்டும் தன் வழியில் முடிந்து போய்விடும். P5 முன்பு போலவே வெளியே காத்திருக்கும்.

இதன் காரணம் தெளிவு. முடிச்சு விதி "யாராவது ஒருவர் விட்டால் போதும்" என்ற நிலைக்கானது. P2-வுக்கு இப்போது இருவரும் விட வேண்டும், அந்த இருவரில் P3 வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சுழற்சியோ முடிச்சோ காட்டுவது பாதைகளை மட்டுமே. எண்ணிக்கையை அவை பார்ப்பதில்லை. ஒரே வளத்துக்கு இரண்டு கேட்பு அம்புகள் போகும் படத்தைக் கண்டால் குறுக்குவழியை விட்டுவிட்டு நேராக ரிடக்‌ஷனுக்கு வாருங்கள்.

இன்னொன்று, P4 முடிந்து ஓர் அலகு சும்மாவாகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "C-யில் ஒன்று காலியாக இருக்கிறது, P4 ஒழுங்காக முடிந்தது, எப்படி டெட்லாக்?" என்று தோன்றும். வளம் காலியாக இருப்பதும், சில ப்ராசஸ்கள் ஓடிக்கொண்டிருப்பதும் டெட்லாக் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நிஜ சிஸ்டத்தில் இது கண்டுபிடிக்கப்படாமல் நெடுநேரம் கிடப்பதும் இதனால்தான்.

புரோகிராமால் சரிபார்த்தல்

மூன்று நிலைகளையும் கையால் போட்ட பிறகு இந்தச் சிறு பைத்தான் துண்டை ஓட்டிப் பாருங்கள்.

```python
work  = [0, 0, 0]
alloc = [[1,0,0],[0,1,0],[0,0,1],[0,0,1],[0,0,0]]
req   = [[0,1,0],[0,0,1],[1,0,0],[0,0,0],[0,1,0]]

done = [sum(a) == 0 for a in alloc]
moved = True
while moved:
    moved = False
    for i in range(len(alloc)):
        if not done[i] and all(r <= w for r, w in zip(req[i], work)):
            work = [w + a for w, a in zip(work, alloc[i])]
            done[i] = moved = True
            print("P%d" % (i + 1), work)
print(["P%d" % (i + 1) for i, d in enumerate(done) if not d])
```

அப்படியே ஓட்டினால் P4, P2, P1, P3 என்ற வரிசையும் கடைசியில் வெறும் பட்டியலும் வரும். `req[3]`-ஐ `[0,1,0]` ஆக்கினால் (இ)-க்கான நான்கு பெயர்கள் வரும். அதைப் பழையபடி `[0,0,0]` ஆக்கிவிட்டு `req[1]`-ஐ `[0,0,2]` என்று மாற்றினால், முதலில் P4 மட்டும் முடிந்து, பிறகு P1, P2, P3 மிஞ்சும். `done` தொடங்கும் வரியில்தான் P5 விடுபடுகிறது. அதை எல்லோருக்கும் `False` என்று மாற்றி (இ)-யையும் (ஈ)-யையும் ஓட்டினால் P5-உம் பட்டியலில் சேரும். மேலே சொன்ன சண்டையின் மூலம் அந்த ஒரு வரிதான்.

எதை நிறுத்துவது, எதை மாற்றுவது

(ஈ)-இன் நிலையில் P3-ஐ நிறுத்தினால் அதன் C வெளியே வருகிறது, P4 விட்டதோடு சேர்த்து இரண்டு. P2 முடிகிறது, பின் P1. P1-ஐ நிறுத்தினால் A வெளியே வந்து P3 முடிகிறது, அதன் C-யும் சேர்ந்து P2 முடிகிறது. P2-வை நிறுத்தினால் B வருகிறது, P1, P3 என்று போகிறது. மூன்றில் யாரை நிறுத்தினாலும் தீரும், ஆகவே யார் குறைவான வேலையை இழக்கிறார் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். P5-ஐ நிறுத்துவது வீண், அதன் கையில் விடுவதற்கு எதுவும் இல்லை. (இ)-யிலும் இதே கதைதான்: நால்வரில் யாரை நிறுத்தினாலும் அவர் விடும் ஓர் அலகு மற்ற மூவரையும் வரிசையாக விடுவித்துவிடும்.

தடுப்பதற்கு நான்கு நிபந்தனைகளில் எதை உடைப்பது என்று கேட்டால், பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்துவருவது வட்டக் காத்திருப்பைத்தான். வளங்களுக்கு A, B, C என்று ஒரு வரிசை வைத்து, ஏறுவரிசையில் மட்டுமே கேட்க வேண்டும் என்று விதிப்பது. ஹேவெண்டர் 1968-இல் முன்வைத்த வழி இது. நிகழ்வுகளை இந்தக் கண்ணோடு மீண்டும் படியுங்கள். P1 A-வுக்குப் பின் B கேட்டது, சரி. P2 B-க்குப் பின் C, சரி. P3 C-யை வைத்துக்கொண்டு A-வைக் கேட்டது, இதுதான் பிசகு. 9-ஆவது நிகழ்வில் P4 C-யை வைத்துக்கொண்டு B-யைக் கேட்டது, அதுவும் பிசகு.

P3 விதியைப் பின்பற்றி 3-ஆவது நிகழ்விலேயே A-வைக் கேட்டிருந்தால்? A P1-இடம் இருக்கிறது, ஆகவே P3 வெறுங்கையோடு காத்திருக்கும். C-யின் ஓர் அலகு P4-க்குப் போகும், மற்றொன்று சும்மா இருக்கும். 6-ஆவது நிகழ்வில் P2 அதைக் கேட்டதும் உடனே கிடைத்துவிடும். P2 முடியும், B வெளியே வரும், P1 முடியும், A P3-க்குப் போகும். 8-ஆவது நிகழ்வுக்கு இடமே இருக்காது, படத்தில் சுழற்சி ஒரு கணம்கூடத் தோன்றாது. இதற்கான விலை, A தேவைப்படும் நேரத்துக்கு முன்பே P3 அதற்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பது. (உ)-வின் விடையில் அந்த விலையையும் ஒரு வரியில் எழுதுங்கள்.